அக்கா படித்துக் காட்டிய வரி

அந்த மருத்துவமனையின் கருத்தரங்குக் கூடத்தில் மைக், ஸ்பீக்கர், ப்ரொஜெக்டர் எல்லாம் அவன் பொறுப்பு. இடுப்பில் எப்போதும் இரண்டு கேபிள் சுருண்டு தொங்கும் என்பதால் வார்டு பையன்கள் முதல் பெரிய டாக்டர் வரைக்கும் அவனை 'ஒயர்' என்றே கூப்பிட்டார்கள். ஒப்பந்த வேலைதான். ஆனாலும் கூட்டம் தொடங்கி மேடையில் படம் தெரியாமல் ஒரு பேராசிரியர் தடுமாறும்போது, "ஒயர் எங்கப்பா?" என்று நாலு பேர் தேடுவார்கள். அவன் நிதானமாக நடந்து போய் எதையோ அழுத்துவான், திரை பளிச்சென்று ஆகும். அந்த நிமிஷம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே கொஞ்சம் மெதுவாக நடப்பான் என்றுகூடச் சொல்லலாம்.

அவனுடைய அக்கா அதே மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சை நிபுணர். குழந்தைகளுக்காக ஒன்பது வருஷம் வேலையை விட்டுவிட்டு, போன வருஷம்தான் திரும்பச் சேர்ந்திருந்தாள். இருவரும் உடன்பிறந்தவர்கள் என்பது நாலைந்து பேருக்குத்தான் தெரியும். கட்டடத்துக்குள் அவள் அவனை "வாங்க, போங்க" என்பாள். அவன் அவளை "மேடம்" என்பான். வெளியே பேருந்து நிறுத்தத்துக்கு வந்ததும் "டேய், சாப்பிட்டியா?" என்று ஆரம்பிப்பாள்.

அந்த மாதப் பயிற்சிக் கூட்டத்தில் பேச அவளுக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். கீழே விழுந்த நோயாளியை, அவருக்கும் வலிக்காமல், தூக்குகிறவர் முதுகும் போகாமல் எப்படி எழுப்புவது என்பதுதான் தலைப்பு. பேச்சு நன்றாக அமைந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு வார்டு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அவளுக்கு வரலாம் என்று அவளுடைய துறைத் தலைவி சொல்லியிருந்தார். அக்கா மூன்று வாரம் உட்கார்ந்து படங்கள் தயாரித்தாள். தன்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு பெரியவரிடம் சம்மதம் எழுதி வாங்கிக்கொண்டு, அவர் தரையிலிருந்து தானே எழுந்திருப்பதை வீடியோவும் எடுத்து வைத்தாள்.

கூட்டத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அவன் அவள் வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பயன்படுத்தியதை வாங்கிய லேப்டாப், மெல்லியது. பக்கவாட்டில் பழைய அகல யுஎஸ்பி துளை ஒன்று, நீள்வட்டமான சின்ன டைப்-சி துளை ஒன்று, அவ்வளவுதான். ப்ரொஜெக்டர் கேபிளை மாட்டும் எச்டிஎம்ஐ துளை கிடையாது.

"உங்க ஹால்ல எந்த ஒயர் இருக்கும்டா?"

"எச்டிஎம்ஐ. உன் லேப்டாப்ல அது இல்ல. டைப்-சி டு எச்டிஎம்ஐன்னு கேபிள் ஒண்ணு வாங்கிக்கோ. ஒரு பக்கம் இதுல சொருகு, இன்னொரு பக்கம் ப்ரொஜெக்டர்ல. முடிஞ்சது."

"வாங்கலாம். ஆனா இந்த ஓட்டையில படம் வெளிய வருமான்னு மொதல்ல பாக்கணுமாம்டா."

"யாரு சொன்னா?"

"கடையில அந்தக் கேபிள் பெட்டியைப் பாத்தேன். வீடியோ வர்ற போர்ட்டுக்கு மட்டும்தான்னு பொடி எழுத்துல போட்டிருக்கு. அதான் வாங்காம வந்துட்டேன்." அவள் ஒரு நோட்டை எடுத்தாள். லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்து எழுதி, கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடி, அந்தத் துளையைப் பற்றி இருந்த வரியை அப்படியே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். "இங்க பாரு. என்னோடதுக்கு 'டேட்டா, சார்ஜிங்'னு மட்டும் போட்டிருக்கான். இதே கம்பெனியோட அடுத்த மாடலுக்கு அதோட 'டிஸ்ப்ளேபோர்ட்'னும் சேத்துப் போட்டிருக்கான். என்னோடதுல டிஸ்ப்ளேபோர்ட்னு எழுதலையேடா."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் பிற்பாடு அவனுக்கு உடம்பே கூசியது.

"அக்கா, நீ மாட்டப்போறது எச்டிஎம்ஐ. டிஸ்ப்ளேபோர்ட்டுங்கிறது வேற ஒயர். அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"அப்படியா?"

"இதுல சார்ஜ் ஏறுதுல்ல?"

"ஏறுது."

"போனைச் சொருகினா போட்டோ வருதுல்ல?"

"வருது."

"அப்போ படமும் வரும். டைப்-சின்னா எல்லாமே அதுலயேதான் போகும். நான் எத்தனை லேப்டாப் பாத்திருக்கேன்!"

அது பொய்யில்லை. கூடத்துக்கு வந்த டாக்டர்களில் பலரிடம் இருந்தது விலை கூடிய லேப்டாப். அவற்றின் டைப்-சி துளைகளில் அவன் கேபிளைச் சொருகியபோதெல்லாம் படம் வந்தது. எல்லாத் துளையும் பார்வைக்கு ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று அதோடு விட்டிருந்தான். அந்தத் துளையின் வழியே சில லேப்டாப்புகள் டிஸ்ப்ளேபோர்ட் முறையில் படத்தை அனுப்பும், கேபிளின் முனையில் ஒளிந்திருக்கும் சில்லு அதைத்தான் எச்டிஎம்ஐ ஆக மாற்றும், அனுப்பாத லேப்டாப்பில் மாற்ற எதுவுமே இருக்காது என்பது அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. போதாததற்கு அத்தான் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கும் நாளைக்கு ஹால்ல ஒரு தடவை போட்டுப் பாத்துடலாமா?" என்றாள் அக்கா.

"நாளைக்கு வேற மீட்டிங் இருக்கு. தேவையில்லக்கா. நான் இருக்கேன்ல?"

அத்தான் சிரித்துக்கொண்டே, "ஒயரே சொல்லியாச்சு, அப்புறம் என்ன?" என்றார். அக்கா நோட்டை மூடினாள். மறுநாள் வேலை முடிந்து போகும் வழியில் அந்தக் கேபிளை வாங்கினாள்.

புதன்கிழமை கூட்டத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் தலைமை மருத்துவர், பக்கத்தில் துறைத் தலைவி. பின்னால் செவிலியர்கள், வார்டு ஊழியர்கள். முதலில் பேசிய டாக்டர் அவசரமாக வார்டுக்குப் போக வேண்டியிருந்ததால் தன் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா மேடையேறினாள். நன்றாகத் தலைவாரி, அடையாள அட்டையை நேராக மாட்டியிருந்தாள். லேப்டாப்பை மேஜையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவன் கேபிளைச் சொருகினான். திரையில் நீல நிறமும் 'சிக்னல் இல்லை' என்ற வாசகமும் அப்படியே நின்றன.

எடுத்துத் திருப்பிச் சொருகினான். ப்ரொஜெக்டரின் இன்புட்டை மாற்றி மாற்றிப் பார்த்தான். விண்டோஸ் பட்டனையும் 'பி'யையும் சேர்த்து அழுத்தி, இரண்டு திரையிலும் காட்டச் சொன்னான். இரண்டாவது திரை என்று ஒன்று இருப்பதையே அந்த லேப்டாப் கண்டுகொள்ளவில்லை. தன் இடுப்பிலிருந்த இன்னொரு டைப்-சி கேபிளை எடுத்தான். முந்தின வாரம் ஒரு டாக்டருக்கு நன்றாக வேலை செய்த கேபிள் அது. அதிலும் ஒன்றும் வரவில்லை. லேப்டாப்பை அணைத்துப் போட்டான். அது எழுந்திருக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று. அந்த இரண்டு நிமிஷமும் எழுபது பேர் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேட்டா, சார்ஜிங்." அக்காவின் குண்டு எழுத்து அவன் கண்முன் வந்தது. இரண்டு கேபிளும் சரி, ப்ரொஜெக்டரும் சரி. அப்படியானால் வேறு என்ன?

"பென் டிரைவ்ல போட்டு வேற கம்ப்யூட்டர்ல காட்டலாமே?" என்று யாரோ கேட்டார்கள். கூடத்துக் கம்ப்யூட்டரில் பென் டிரைவைத் திறக்க முடியாதபடி மருத்துவமனையே பூட்டி வைத்திருந்தது. வேறு யாரிடமும் அன்று லேப்டாப் இல்லை. வீடியோ இருந்ததால் கோப்பு மெயிலில் போகாத அளவுக்குப் பெரிது. ஒரு நாள் முன்பே போட்டுப் பார்த்திருந்தால் இதற்கெல்லாம் வழி பண்ணியிருக்கலாம்.

தலைமை மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னப்பா ஒயர், என்ன பிரச்சனை?"

அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. 'என் தப்பு சார், முன்னாடியே பாத்திருக்கணும்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அதற்குப் பதிலாக, நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற குரலில் அவன் சொன்னது இதுதான்:

"நம்ம சிஸ்டம் பக்கம் எல்லாம் ஓகே சார். மேடம் லேப்டாப்லதான் ஏதோ கோளாறு. முன்னாடியே செக் பண்ணிட்டு வந்திருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவன் அக்காவைப் பார்த்தான். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. சின்ன வயதில் அவன் ஏதாவது உடைத்துவிட்டு நிற்கும்போது, அம்மா வருவதற்குள் அவள் பார்ப்பாளே, அப்படி ஒரு பார்வை.

"ஆமா சார்," என்றாள். "நான்தான் பாத்திருக்கணும். மன்னிச்சிருங்க."

தலைமை மருத்துவர் துறைத் தலைவி பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். "இதெல்லாம் தயார் பண்ணிட்டு வர வேண்டாமா?" என்பது மட்டும் மேடை வரைக்கும் கேட்டது.

அக்கா லேப்டாப்பை மூடினாள். "படம் இல்லாமலே காட்டுறேன். எனக்கு ரெண்டு நாற்காலி வேணும். விழுந்து கிடக்கிறவரா நடிக்க ஒருத்தர் வேணும். யாராவது வர்றீங்களா?"

யாரும் அசையவில்லை. டாக்டர்கள் தங்கள் செல்போனைப் பார்த்தார்கள். செவிலியர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளைத் தவிர மேடையில் நின்றிருந்த ஒரே ஆள் அவன்தான்.

"நீங்க வர்றீங்களா?" என்றாள்.

அவன் இடுப்பிலிருந்த கேபிள்களைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்தான். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. "ஒயர் அவுட்டு!" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று. மேலே பார்த்தால் நீலத் திரை தலைகீழாகத் தெரிந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மொதல் விஷயம், யாரும் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க," என்று அக்காவின் குரல் அவன் தலைக்கு மேலே கேட்டது. "எங்க வலிக்குதுன்னு கேளுங்க. தலை, கழுத்து, இடுப்பு. அடிபட்டிருந்தா அசைக்கவே கூடாது, ஆளைக் கூப்பிடணும். அடி இல்லன்னா அவசரம் கிடையாது. அவரே எழுந்திரிப்பார், நாம வழி சொன்னாப் போதும்." அவள் பக்கத்தில் மண்டியிட்டாள். "வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"ஒரு பக்கமா திரும்புங்க. முழங்கையை ஊன்றுங்க. இப்போ கையை ஊன்றி, முட்டி போட்டு, தவழ்ற மாதிரி வாங்க."

எழுபது பேர் முன்னால் அவன் தவழ்ந்தான். அவள் ஒரு நாற்காலியை அவன் முகத்துக்கு நேரே நகர்த்தி, உட்காரும் பலகையில் இரண்டு கையையும் வைக்கச் சொன்னாள். ஒரு காலை முன்னால் ஊன்றச் சொன்னாள். அவன் எழும்பும்போது இன்னொரு நாற்காலியைப் பின்னால் கொண்டுவந்து வைத்தாள். அவன் உட்கார்ந்தான். அதுவரை அவள் அவனைத் தூக்கவே இல்லை. முதுகில் ஒரு உள்ளங்கையை மட்டும் லேசாக வைத்திருந்தாள். சூடான, பழகிய கை.

பின்வரிசைகளில் சிரிப்பு நின்று ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் அதற்குள் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. நேரத்தில் பாதியைக் கேபிளே தின்றிருந்தது. அந்தப் பெரியவரின் வீடியோவையும், எந்த நோயாளிக்கு இந்த முறை ஆகாது என்று அவள் போட்டிருந்த பட்டியலையும் யாரும் பார்க்கவில்லை. தலைமை மருத்துவர் பாதியிலேயே எழுந்து போயிருந்தார்.

மதியம் அவன் பேட்டரிகளும் பழைய மைக்குகளும் கிடக்கும் தன் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். மேடையில் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தபோது மாடல் எண் மனதில் பதிந்திருந்தது. அதை செல்போனில் தேடினான். அக்கா எழுதி வைத்திருந்த அதே வரி வந்தது. பிறகு டிஸ்ப்ளேபோர்ட்டுக்கும் இந்தக் கேபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று படித்தான். முதல் பத்தியிலேயே விஷயம் இருந்தது. படம் அனுப்பும் துளைக்குப் பக்கத்தில் சில கம்பெனிகள் 'டிபி' குறியையோ மின்னல் குறியையோ போடுமாம். குறி இல்லாவிட்டாலும் சிலவற்றில் படம் வருமாம். அதனால் மாடல் எண்ணை வைத்து அந்த வரியைப் படித்துப் பார்ப்பதுதான் உறுதியான வழி என்று போட்டிருந்தது. அக்கா செய்தது அதைத்தான். இத்தனை வருஷம் இதே வேலையில் இருக்கிற அவன் ஒரு தடவைகூடச் செய்யாததும் அதைத்தான்.

அன்றைக்கும் மறுநாளும் அவன் பேருந்து நிறுத்தத்துக்குப் போகாமல் பின்வாசல் வழியாக வீட்டுக்கு நடந்தான். அக்கா போன் பண்ணவில்லை. வெள்ளிக்கிழமை காலை, இயன்முறைப் பிரிவின் அறிவிப்புப் பலகையில் பயிற்சிப் பொறுப்பு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டிருப்பதை, மைக் சரிபார்க்கப் போன இடத்தில் பார்த்தான். தாளில் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. மைக்கை அங்கேயே வைத்தான். பிறகு துறைத் தலைவியின் அறைக் கதவைத் தட்டினான்.

"மேடம், புதன்கிழமை நடந்தது என் தப்பு. அவங்க முன்னாடியே லேப்டாப்பைப் பத்திச் சரியாப் படிச்சு வெச்சு, ஞாயித்துக்கிழமை வீட்ல வெச்சு என்கிட்ட கேட்டாங்க. படம் வராதுபோல இருக்கு, ஹால்ல போட்டுப் பாக்கலாமான்னும் கேட்டாங்க. நான்தான் வேண்டாம்னேன். மேடையில பழியை அவங்க மேல போட்டுட்டேன்."

துறைத் தலைவி பேனாவை மூடினார். "உங்ககிட்ட எதுக்குக் கேட்டாங்க, வீட்ல வெச்சு?"

"என் அக்கா மேடம்."

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே? பட்டியல் மேல போய்க் கையெழுத்தாயிடுச்சு. ஆறு மாசம் கழிச்சுத்தான் இனி பாக்க முடியும்." பிறகு, அவன் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டாரோ என்னவோ, "சரி விடுங்க, யாருக்கும் நடக்கிறதுதான். பெரிய டாக்டர்கிட்டயும் நான் சொல்லிடுறேன்" என்றார்.

அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை, வேலையும் போகவில்லை. வெளியே வந்தபோது அவனுக்கு அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. இவ்வளவு லேசாக முடிகிற ஒரு விஷயத்துக்குப் பயந்தா அன்றைக்கு அப்படிச் சொன்னோம் என்று இருந்தது.

மாலை பேருந்து நிறுத்தத்தில் அக்கா நின்றிருந்தாள். அவன் அருகில் போய் நின்றான்.

"உங்க எச்ஓடிகிட்ட சொல்லிட்டேன்க்கா."

"சொன்னாங்க."

"என்னை மன்னிச்சிரு. நீ சரியாத்தான் படிச்சிருந்த. எனக்குத்தான் தெரியல."

"தெரியாததுக்கு நான் ஒண்ணும் நினைக்கல," என்றாள் அக்கா. "தெரியாது, வா பாக்கலாம்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாத்திருப்போம். அதை விடு. அங்க மேடையில வெச்சு நீ ஏன்டா அப்படிச் சொன்ன?"

அவன் பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தான்.

"நான் ஏன் ஆமான்னேன் தெரியுமா? நீ ஒப்பந்தத்துல இருக்க. எனக்கு வேலை நிரந்தரம். நீயா நானான்னு அங்க நின்னு பேசினா உனக்குத்தான் ஆபத்து. அதனால சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது." அவள் குரல் உயரவே இல்லை. "ஒன்பது வருஷம் கழிச்சு வந்திருக்கேன். எனக்கு இதெல்லாம் தெரியாதுன்னு ஏற்கெனவே நாலு பேர் நினைச்சிட்டு இருந்தாங்க. நீ அதை மைக் வெச்சுச் சொல்லிட்ட."

பேருந்து வந்தது. "ஏறு, கூட்டமா இருக்கு," என்று அவனை முன்னால் விட்டாள். டிக்கெட்டையும் அவளே இருவருக்குமாக எடுத்தாள். இறங்கும்போது எப்போதும் போல "ஒழுங்காச் சாப்பிடு" என்றாள்.

அதன் பிறகும் அக்கா அக்காவாகத்தான் இருந்தாள். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது வந்து பார்த்தாள். அத்தானிடம் புதன்கிழமைக் கதையை அவள் சொல்லவே இல்லை என்பது அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. தலைமைச் செவிலியர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "அந்த ரெண்டு நாற்காலி முறையை எங்க வார்டுல வந்து சொல்லிக் குடுங்களேன்" என்று கேட்டார். அவளும் போய்ச் சொல்லிக் கொடுத்தாள். அதற்குத் திரை தேவைப்படவில்லை, அவனும் தேவைப்படவில்லை.

கூடத்துக்குப் பேச வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் அவன் முன்கூட்டியே மாடல் எண்ணைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுகிறான். டாக்டர்கள் அவனை மெச்சுகிறார்கள். மெச்சும்போது அவன் தரையைப் பார்க்கிறான்.

சில வாரம் கழித்து, மருத்துவப் பதிவேட்டு அறையின் ஸ்பீக்கரைச் சரி செய்யப் போனான். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அக்கா, அங்கே வேலை பார்க்கும் எழுத்தரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"புதுசா ஒரு லேப்டாப் பாத்து வெச்சிருக்கேன். அதோட டைப்-சியில வீடியோ வரும்னுதான் போட்டிருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா? எனக்கு இதுல கேக்க வேற ஆள் இல்ல."

"குடுங்க மேடம், பாப்போம்," என்றார் எழுத்தர்.

அவன் கதவைத் தட்டவில்லை. ஸ்பீக்கரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சத்தம் வராமல் வராந்தாவில் திரும்பி நடந்தான்.